தண்ணீர் காட்டினால் போதாது

(ஈரோடு மாவட்டக் கிராமம் ஒன்றின் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில், கோடைத் தொடக்கத்தில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



மாட்டுக்கு நாம் தண்ணீர் 'கொடுப்பதாக'ச் சொல்வதில்லை. தண்ணீர் 'காட்டுவதாக'ச் சொல்கிறோம். "மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்பதுதான் நம் வீடுகளில் கேட்கிற கேள்வி. காலையில் ஒரு தடவை, உச்சிப்பொழுதில் ஒரு தடவை, கறவைக்கு முன்போ பின்போ ஒரு தடவை என்று அவிழ்த்துப் போய்த் தாழியில் காட்டுவோம், அது குடிக்கும், திரும்பக் கொண்டுவந்து கட்டிவிடுவோம். காங்கேயம் மாட்டை வைத்து உழுத காலத்தில் இந்த வழக்கம் சரியாகவே இருந்தது. அந்த மாடு நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் கறந்தால் அதிகம். வெயிலுக்கென்றே வளர்ந்த உடம்பு, கழுத்துக்குக் கீழே தொங்கும் தாடி, நெருக்கமான வியர்வைச் சுரப்பிகள், ஒட்டிய மயிர் எல்லாம் அதற்கு உண்டு. இன்றைக்கு நம் கட்டுத்தறியில் நிற்பது ஜெர்சிக் கலப்பு, எச்.எஃப். கலப்பு. மாடு மாறிவிட்டது, தண்ணீர் காட்டும் வழக்கம் மட்டும் மாறாமல் நிற்கிறது. கத்திரி வெயிலில் நம் மாடுகள் படும் பாட்டில் பெரும்பகுதிக்கு இதுதான் காரணம் என்று, இத்தனை ஆண்டுகள் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

2024 ஏப்ரல் கடைசியில் நம் ஈரோட்டில் வெயில் 42 டிகிரியைத் தொட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அதுபோன்ற ஒரு கோடையில் பார்த்த ஒரே ஒரு கட்டுத்தறியைப் பற்றி இன்று சொல்லப் போகிறேன். பத்து விஷயத்தைச் சொல்லிப் பத்தையும் நீங்கள் மறப்பதைவிட, ஒரு கட்டுத்தறியை நன்றாகப் பார்ப்பது மேல்.

ஓர் அம்மிணி என்னைக் கூப்பிட்டிருந்தார். அவரிடம் இரண்டு எச்.எஃப். கலப்பு மாடுகள். ஒன்று கன்று போட்டு இரண்டரை மாதம், நாளுக்கு 14 லிட்டர் கறந்துகொண்டிருந்தது. மூன்றே நாளில் 9 லிட்டருக்கு வந்துவிட்டது. "டாக்டருங்க, என்னமோ நோவு வந்திருக்குதுங்க, ஊசி ஏதாச்சும் போட்டுக் குடுங்க" என்றார். மடியைப் பார்த்தேன், வீக்கம் இல்லை. பாலில் திரிதல் இல்லை. மூக்கில் சளி, காலில் புண், வாயில் கொப்புளம் எதுவும் இல்லை. மணி இரண்டரை. மாடு படுக்கவே இல்லை. முன்னங்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி நின்றது. கடைவாயில் எச்சில் நூலாக வடிந்தது. முன்னால் போட்ட தட்டு அப்படியே கிடந்தது.

நான் முதலில் செய்த வேலை, அதன் பக்கவாட்டில் நின்று கடிகாரத்தைப் பார்த்தபடி மூச்சை எண்ணியதுதான். விலா எலும்பு முடிந்து பின்தொடை தொடங்குவதற்கு முன்னால் ஒரு பள்ளம் இருக்கிறதல்லவா, அந்த இடத்தையே பார்க்க வேண்டும். ஒரு தடவை உப்பி ஒரு தடவை ஒடுங்கினால் ஒரு மூச்சு. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிம்மதியாக நிழலில் நிற்கும் மாட்டுக்கு நிமிடத்துக்கு 20 முதல் 35 வரை இருக்கும். 60-ஐத் தாண்டினால் அது வெப்பத்தோடு போராடுகிறது. 80-ஐத் தாண்டினால் நன்றாகவே திணறுகிறது. 120-க்கு மேல் போய், வாய் திறந்து நாக்கு வெளியே தொங்கினால் உயிருக்கு ஆபத்து. இந்த மாட்டுக்கு 92 இருந்தது. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்தபோது 104 டிகிரி காட்டியது. சாதாரணமாக 101½ இருக்க வேண்டும்.

அந்த அம்மிணி இதைக் காய்ச்சல் என்று நினைத்தார். காய்ச்சலில் உடம்பே தன் சூட்டை ஏற்றிக்கொள்கிறது. இங்கே உடம்பு சூட்டை வெளியே தள்ளப் பார்க்கிறது, தள்ள முடியவில்லை. அதனால் காய்ச்சல் ஊசி இதற்கு உதவாது.

இந்தச் சூடு வெயிலிலிருந்து மட்டும் வருவதில்லை. மாட்டின் பெருவயிறு, ஊறவைத்த மாவு இரவெல்லாம் பொங்கிக்கொண்டிருக்கும் பானை மாதிரி. தீனி நொதிக்க நொதிக்க உள்ளே சூடு பிறக்கிறது. பால் உற்பத்தியும் சூட்டை உண்டாக்குகிறது. ஆகவே அதிகம் தின்று அதிகம் கறக்கும் மாடுதான் முதலில் மூச்சிரைக்கும். வற்றிப்போன கிழட்டு மாடு பக்கத்திலேயே அசைபோட்டுக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்து, "இதுக்கு ஒண்ணும் ஆகலையே, வெயில் காரணமில்லை" என்று சொல்லிவிடாதீர்கள். வெப்பம் தாங்காத மாடு உள்ளே பிறக்கும் சூட்டைக் குறைக்கத் தானே ஒரு வழி கண்டுபிடிக்கிறது: தின்பதை நிறுத்துகிறது. பால் இறங்கியதற்கு அது ஒரு பாதிக் காரணம். மறுபாதி, உடம்பு தன் இரத்தத்தையும் சக்தியையும் சூடு தணிப்பதில் செலவழிப்பது. இன்னொன்று, வெயில் கடுமையாக அடித்த அன்றே பால் குறையாது. ஏறக்குறைய இரண்டு நாள் கழித்துத்தான் சங்கத்து அளவையில் தெரியும். அதனால்தான் "நேத்து நல்ல காத்துங்க, இருந்தும் பால் இறங்கிருச்சு" என்று குழம்புகிறோம். நேற்றைய காற்றுக்கும் இன்றைய பாலுக்கும் சம்பந்தம் இல்லை. முந்தாநாள் வெயிலுக்குத்தான் சம்பந்தம்.

சரி, தண்ணீருக்கு வருவோம். "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்குதுங்க?" என்று கேட்டேன். "வேண்டிய மட்டும் காட்டறனுங்க" என்றார். நான் விடவில்லை, வாளியை எடுத்து வரச்சொன்னேன். 15 லிட்டர் வாளி. தளும்பாமல் தூக்க வேண்டுமென்றால் 12 லிட்டர்தான் பிடிப்பார். காலையில் இரண்டு வாளி, மாலையில் இரண்டு வாளி. கணக்கு 48 லிட்டர். 14 லிட்டர் பாலில் 12 லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீர்தான், அது மடி வழியாக வெளியே போய்விடுகிறது. சிறுநீரிலும் சாணியிலும் போவது தனி. மூச்சிலும் வியர்வையிலும் போவது தனி. இப்படிக் கறக்கும் மாட்டுக்கு இப்படிப்பட்ட வெயிலில் 90 முதல் 100 லிட்டர் வேண்டும். அந்த அம்மிணி தெரிந்தே குறைக்கவில்லை. வாளி நான்கு தடவை வந்தது, ஆகவே நிறையக் கொடுத்த மாதிரி அவருக்குத் தோன்றியது.

அதிலும் ஒரு கெடுதல் இருந்தது. காலை வாளியில் தவிடும் புண்ணாக்கும் கரைத்து வைப்பார். பக்கத்து வீடுகளிலிருந்து கழுநீரும் சோற்றுக் கஞ்சியும் சேரும். மாடு அந்த ருசிக்குப் பழகிவிட்டால் வெறும் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையை எடுத்துக்கொள்ளும். மே மாதத்தில் அந்தக் கரைசல் பத்து மணிக்கே புளித்துவிடும். மிச்சத்தை மாலைவரை தாழியிலேயே விட்டுவைப்போம். அந்தப் புளிப்பை மாடு குடிக்காது; குடித்தால் வயிற்றுக்கு ஆகாது. அடர்தீவனத்தைத் தண்ணீரில் கரைக்காமல் லேசாக ஈரமாக்கிப் பிசறித் தனியாக வையுங்கள். தண்ணீரைத் தண்ணீராகவே வையுங்கள். மூன்று நான்கு நாள் மாடு முகம் சுளிக்கும், பிறகு பழகிவிடும். இந்தப் பழக்கத்தை வெயில் உச்சத்துக்கு வருமுன், அதாவது இந்த மாதமே தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்றே அந்தத் தோட்டத்தில் சும்மா கிடந்த ஒரு கிணற்று உறையைப் புரட்டி வந்தோம். மூன்றடி அகலம், ஓரடி உயரம். அடியில் சிமெண்ட் பூசி, வேப்பமரத்து நிழலில், இரண்டு மாடும் கயிறு அவிழ்க்காமலே எட்டுகிற இடத்தில் வைத்தோம். பூச்சு இறுகும்வரை இரண்டு நாள் பழைய அண்டாவை வைத்துச் சமாளித்தார். அந்த உறையில் கிட்டத்தட்ட 200 லிட்டர் பிடிக்கும். ஒரு மாதத்துப் பால் காசில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாத செலவு. தாகத்தில் தவித்த மாட்டின் முன்னால் முதல் நாளே தொட்டி நிறைய ஊற்றிவிடாமல், அரைமணிக்கு ஒரு வாளி வீதம் நான்கைந்து தடவை விட்டுப் பழக்கினோம். அதன்பின் தொட்டியை வற்றவிடவில்லை. கறவை மாட்டைப் பக்கத்தில் தனியாகக் கட்டி ஒருநாள் முழுக்க அளந்து பார்க்கச் சொன்னேன். 94 லிட்டர் குடித்திருந்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு இருட்டிய பிறகு குடித்தது. முன்பு சாயங்காலம் ஆறு மணியிலிருந்து விடியும்வரை அதற்கு ஒரு சொட்டு கிடையாது! சூடு தணிந்து பசியெடுத்துத் தட்டுக் கடிக்கும் நேரத்தில்தான் அதற்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படுகிறது. கறந்து முடித்தவுடனும் அப்படித்தான். பாலைக் கறந்துவிட்டு நாம் கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்கு ஓடுகிறோம். ஓடுமுன் மாட்டின் முன்னால் தண்ணீர் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

தண்ணீரின் சூட்டையும் சொல்ல வேண்டும். மொட்டை மாடியிலோ கம்பத்தின் மேலோ கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி வைத்திருக்கிறோம். பிற்பகல் மூன்று மணிக்கு அதிலிருந்து வரும் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள், குளிக்கப் போட்ட வெந்நீர் போல இருக்கும். தரையில் கிடக்கும் குழாயில் முதலில் வருவது அதைவிடச் சூடு. தொட்டியை விடியற்காலையில் நிரப்பி, நிழலில் வைத்து, வெளிச்சுவரில் ஈரச்சாக்குச் சுற்றிவைத்தால் போதும். வாரம் ஒரு தடவை பாசி தேய்த்துக் கழுவி, மாதம் இரண்டு தடவை உள்ளே சுண்ணாம்பு அடியுங்கள். நீங்கள் குடிக்கத் தயங்கும் தண்ணீரை மாடும் தயங்கித்தான் குடிக்கிறது.

இப்போது அந்த அம்மிணியின் கொட்டகை. சிமெண்ட் அட்டைக் கூரை, தாழ்வாரத்தில் ஏழடி உயரம். மூன்று பக்கமும் ஹாலோ பிளாக் சுவர். மழைக்கும் திருட்டுக்கும் நல்ல கட்டடம்தான். பிற்பகலில் உள்ளே போய் மாட்டின் முதுகுக்கு மேல் என் உள்ளங்கையை விரித்தேன். அடுப்பின் முன்னால் கையை நீட்டினால் அடிக்கும் அனல் கூரையிலிருந்து இறங்கியது. வெளியே மர நிழலில் நின்றால் அந்த அனல் இல்லை. காற்றின் வெப்பம் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். கூரை தன் சூட்டை மாட்டின்மேல் வீசுவதுதான் வேறுபாடு. அட்டைக்கு மேல் தென்னங்கீற்றைத் தடிப்பாகப் பரப்பச் சொன்னேன். சுண்ணாம்பை வெளிப்புறம் கெட்டியாக அடித்தாலும் ஓரளவு பலன் உண்டு. காற்று வரும் திசையில் சுவரின் மேல் மூன்று வரி பிளாக்கை எடுத்துவிட்டோம். புதிதாகக் கட்டுகிறவர்கள் தாழ்வாரத்தையே பத்தடிக்குக் குறையாமல் வையுங்கள், பக்கங்களைத் திறந்து விடுங்கள். மரம் இருந்தால் அதைவிட நல்ல கூரை வேறில்லை. வேம்பும் புங்கனும் வாகையும் இலை வழியாக ஈரத்தை விட்டுக்கொண்டே இருப்பதால் அவற்றின் அடியில் அனல் இறங்குவதில்லை. காலை பத்து மணி முதல் மாலை ஐந்து வரை மாடு மரத்தடியில் நிற்கட்டும். நிழல் நகர நகரக் கயிற்றையும் மாற்றிக் கட்ட வேண்டும். காலையில் நிழலில் கட்டிவிட்டுக் காட்டுக்கு வேலைக்குப் போய், திரும்பி வரும்போது மாடு நட்ட நடு வெயிலில் நிற்பதை எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறேன்!

அந்த அம்மிணி நல்ல எண்ணத்தில் இன்னொன்றும் செய்திருந்தார். சணல் சாக்கை நனைத்து மாட்டின் முதுகில் போர்த்தியிருந்தார். நான் சாக்குக்கு அடியில் கையை விட்டேன். இட்லிப் பானைத் துணிக்குக் கீழே விட்ட மாதிரி இருந்தது. தண்ணீர் குளிர்ச்சி தருவது அது ஆவியாகப் போகும்போதுதான். ஒரு லிட்டர் தண்ணீர் தோலிலிருந்து ஆவியானால், எட்டு லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அளவு சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அவ்வளவு பலம் அதற்கு. ஆனால் ஆவி வெளியே போகக் காற்று வேண்டும். காற்றில்லாத கொட்டகையில் சாக்கைப் போர்த்தினால் ஆவி அடியிலேயே அடைபட்டு மாட்டை வேகவைக்கிறது. சாக்கை மாட்டின்மேல் போடாதீர்கள். காற்று வரும் பக்கம் திரையாகத் தொங்கவிட்டு நனையுங்கள்.

மாட்டை நேராக நனைப்பதற்கும் ஒரு முறை உண்டு. குழாயைப் பிடித்து முதுகிலும் கழுத்திலும் விலாவிலும் மயிருக்குள் தோல்வரை நனையும்படி இரண்டு மூன்று நிமிடம் ஊற்ற வேண்டும். மேலோட்டமாகத் தெளித்தால் மயிர் நுனியில் முத்து முத்தாக நின்று ஈரக் காற்றைத்தான் உண்டாக்கும். பிறகு தண்ணீரை நிறுத்தி, காற்று பட விட வேண்டும். காற்று இல்லையென்றால் மின்விசிறி. கால் மணி, இருபது நிமிடத்தில் தோல் காய்ந்துவிடும், மறுபடி நனையுங்கள். பதினொரு மணியிலிருந்து நான்கு மணிக்குள் இப்படி ஐந்தாறு தடவையாவது செய்தால் நல்லது. ஒரு தடவை குளிப்பாட்டிவிட்டு மாலைவரை விட்டால் அதன் பலன் அரைமணியோடு போய்விடும். மடிக்குத் தண்ணீர் வடியாமலும், காலடியில் சேறு சேராமலும் பாருங்கள். ஈரக்காம்போடு சேற்றில் படுத்தால் மடிநோய் வந்துவிடும். சூட்டில் நிற்கும் மாட்டின்மேல் தண்ணீர் ஊற்றினால் ஜன்னி கண்டுவிடும் என்று பெரியவர்கள் சிலர் பயப்படுகிறார்கள். இந்த வெயிலில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஜன்னி கண்ட மாட்டை நான் பார்த்ததில்லை. ஊற்றாமல் விட்டு விழுந்த மாட்டைப் பார்த்திருக்கிறேன்.

நம் ஊரில் காற்று உலர்ந்தது, அதனால் நனைத்தால் நன்றாகப் பலன் தெரிகிறது. கடற்கரை ஊர்களில் மாடு கட்டியிருக்கும் சொந்தக்காரர்கள் உங்களுக்கு இருந்தால் அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். காற்றின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து மாடு படும் அவதியை அளக்க ஒரு கணக்கு இருக்கிறது. அந்த எண் 72-ஐத் தாண்டினால் கறவை மாட்டுக்குச் சிரமம் தொடங்குகிறது. நம் பக்கம் 40 டிகிரி வெயிலும் 25 சதவீத ஈரப்பதமும் இருந்தால் கணக்கு 85 வருகிறது. கடலோரத்தில் 34 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் 88 வருகிறது. நமக்கு 34 என்பது சாதாரணமாகத் தெரியும், மாட்டுக்கோ 40-ஐவிட அது மோசம். அங்கே நனைத்தால் மட்டும் போதாது, மின்விசிறி இல்லாமல் முடியாது.

தீனி நேரத்தையும் மாற்றினோம். அவர் காலை எட்டு மணிக்கு அடர்தீவனமும் பத்து மணிக்குச் சோளத்தட்டும் போட்டுக்கொண்டிருந்தார். தின்ற மூன்று நான்கு மணி நேரம் கழித்துத்தான் வயிற்றுச் சூடு உச்சத்துக்குப் போகும். எட்டு மணித் தீனியும் பத்து மணித் தீனியும் உச்சி வெயிலோடு கைகோத்துக்கொள்கின்றன. அடர்தீவனத்தை விடியற்காலை நான்கரைக் கறவையின்போதும் இரவு எட்டு மணிக்கும் பிரித்தோம். தட்டும் வைக்கோலும் அதிகச் சூடு பிறப்பிக்கும் தீனி. அதை முழுவதும் இரவுக்கு மாற்றினோம். பகலில் கொஞ்சம் கோ 4 புல் மட்டும், நறுக்கி, காலையிலேயே. சிலர் தட்டை அடியோடு நிறுத்திவிட்டுத் தவிடும் மாவுமாகக் கொடுக்கிறார்கள். அது தப்பு. நார் குறைந்தால் வயிறு புளிக்கும், பாலில் கொழுப்பு இறங்கும், சங்கத்தில் விலை குறையும்.

வயிறு புளிப்பதற்கு வெயிலே ஒரு காரணம். எச்சிலில் இயற்கையாகவே சோடா உப்பு இருக்கிறது; அதுதான் பெருவயிற்றின் புளிப்பை அடக்குகிறது. மூச்சிரைக்கும் மாட்டின் எச்சில் தரையில் வடிந்துவிடுகிறது. அசைபோடுவதும் குறைவதால் புதிய எச்சிலும் ஊறுவதில்லை. ஆகவே பத்து லிட்டருக்கு மேல் கறக்கும் மாட்டுக்கு வெயில் முடியும்வரை சமையல் சோடா 50 கிராம் காலையும் 50 கிராம் இரவும் தீவனத்தில் கலந்து கொடுங்கள். அதோடு தாது உப்புக் கலவை 50 கிராம், சாதா உப்பு 30 கிராம். முன்னால் எந்நேரமும் தண்ணீர் இருந்தால்தான் உப்பு. தண்ணீரில்லாமல் உப்பு கொடுப்பது விஷம் கொடுப்பதற்குச் சமம். கன்று போட இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது என்கிற சினைமாட்டுக்குச் சோடாவே வேண்டாம். ஈன்றதும் பால்காய்ச்சல் வர வழிசெய்யும்.

இரவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நாம் கவனிக்காமல் விடுவது அதைத்தான். பகலில் சேர்த்த சூட்டை மாடு இரவில்தான் வெளியே விடுகிறது. இரவு போதிய குளிர்ச்சி இல்லையென்றால் பழைய பாக்கியோடு மறுநாள் வெயிலுக்குப் போகிறது. மூன்று நாள் பாக்கி சேர்ந்தால் மாடு விழுகிறது. திருட்டுக்கும் நாய்க்கும் பயந்து ஏழு மணிக்கே கொட்டகைக்குள் அடைக்கிறோம். அப்போது அட்டையும் சுவரும் பகல் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும் நேரம். அந்த அம்மிணியின் வீட்டில் திண்ணையில் படுக்கும் பெரியவர் கண்ணெதிரே, திறந்த வாசலில் மாட்டைக் கட்டினோம். இரவு எட்டு மணிக்கு ஒரு தடவை நனைத்தோம்.

மூச்சை இரண்டு நேரம் எண்ணச் சொன்னேன், பிற்பகல் இரண்டரைக்கும் விடியற்காலை ஐந்துக்கும். பிற்பகல் எண்ணிக்கை ஏறினால் வியப்பில்லை. விடியற்காலையிலும் 60-க்குக் கீழே இறங்கவில்லை என்றால்தான் இரவு ஏமாற்றிவிட்டது என்று பொருள். அன்றைக்குக் கூடுதலாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் விடியலில் 64 இருந்தது. நான்காம் நாள் 40. பிற்பகல் 92 என்றிருந்தது ஒரு வாரத்தில் 60-ஐச் சுற்றி வந்தது. பால் பத்து நாளில் 12 லிட்டருக்கு ஏறியது. 14-க்குத் திரும்பவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். இறங்கிய மடி முழுதாகத் திரும்புவதில்லை. அந்தக் கோடையில் அந்த மாடு பருவத்துக்கு வந்ததும் சரியாகத் தெரியவில்லை. மழை விழுந்த பிறகுதான் சினை நின்றது. வெயிலில் மாடு கத்தாது, தாண்டாது, பருவம் வந்தது தெரியாமலே போகும். சினை ஊசி போடுவதாக இருந்தால் காலையிலோ மாலை வெயில் சாய்ந்தோ போடுங்கள், போட்ட பிறகு நடத்தி அலைக்காதீர்கள்.

எருமை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கறுத்த தோல், குறைந்த மயிர், வியர்வைச் சுரப்பிகளோ மிகக் குறைவு. அதனால்தான் அது குட்டையைத் தேடுகிறது. குட்டை இல்லாத ஊரில் எருமைக்குப் பசுவைவிட அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இவ்வளவு செய்தும், அல்லது செய்யாமல் விட்டு, மாடு ஒரு நாள் வாய் திறந்து, நாக்குத் தள்ளி, தள்ளாடி, படுத்துவிட்டது என்று வையுங்கள். தெர்மாமீட்டர் 106 காட்டுகிறது. உடனே நிழலுக்குக் கொண்டுவாருங்கள். எழுந்திருக்காவிட்டால் அது கிடக்கும் இடத்திலேயே பந்தலோ தார்ப்பாயோ பிடித்து நிழல் உண்டாக்குங்கள். முதுகு, கழுத்து, வயிறு, தொடையிடுக்கு எங்கும் விடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள், விசிறி வையுங்கள். ஒருவர் ஊற்றும்போதே இன்னொருவர் 1962-க்குக் கூப்பிட்டுக் கால்நடை ஆம்புலன்ஸை வரவழையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சூட்டைப் பாருங்கள், 103-க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்துங்கள். நரம்பு வழியாக மருந்து நீர் ஏற்றுவது மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள், கையெடுத்துக் கேட்கிறேன். மூச்சிரைக்கும் மாட்டின் தலையைத் தூக்கிப் பிடித்து, மூங்கில் குழாயிலோ பாட்டிலிலோ மோரோ இளநீரோ உப்புத் தண்ணீரோ புகட்டாதீர்கள். நிமிடத்துக்கு நூறு மூச்சு விடும் உயிர் விழுங்குமா, மூச்சு விடுமா? புகட்டியது நுரையீரலுக்குப் போய்விடுகிறது. வெயிலில் தப்பிய மாடு நான்காம் நாள் நுரையீரல் அழற்சியில் செத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன். அன்பால் செய்த வேலைதான், ஆனால் அதுதான் கொன்றது. வாளியை முகத்துக்கு முன் வையுங்கள். தானாகக் குடித்தால் குடிக்கட்டும்.

கத்திரி மே 4 வாக்கில் தொடங்கிவிடும். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் வாளியை அளந்து, மாட்டுக்கு நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் போகிறது என்று கணக்குப் போடுங்கள். நாளைப் பிற்பகல் இரண்டரைக்கும் மறுநாள் விடியற்காலை ஐந்துக்கும் மூச்சை எண்ணி, கட்டுத்தறிச் சுவரில் கரிக்கட்டையால் எழுதி வையுங்கள். அடுத்த முறை நான் வரும்போது, "மாடு எப்படி இருக்குது" என்று கேட்க மாட்டேன். அந்தச் சுவரைத்தான் பார்ப்பேன்.